தெரு முனையில் மாவுக் கடை: ஒரு திறப்பு விழா அழைப்பின் நிகழ்வு ஆய்வு

மதுரையின் புறநகர்ப் பகுதி ஒன்றில், ஏறத்தாழ நூற்றைம்பது வீடுகள் உள்ள நான்கு தெருக்களுக்கு நடுவே திறக்கப்படும் சிறிய இட்லி மாவுக் கடை இது. கடை என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, இரண்டு சாய்வு கிரைண்டர், ஒரு பிரிட்ஜ், ஒரு எடை மெஷின், அவ்வளவுதான். கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள். திறப்பு நாள் பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமை. அக்கம்பக்கத்தாருக்கு வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு அனுப்ப வேண்டும், அதில் சின்னதாக ஒரு சலுகையும் இருக்க வேண்டும். அந்த ஒரு செய்தி எப்படி உருவாக வேண்டும், எங்கே தடுக்கும் என்பதுதான் இங்கே பார்க்கப் போவது. கடைப் பெயரையும் தெருப் பெயரையும் விட்டுவிடலாம். விலைகளும் அளவுகளும் இந்த அளவுக் கடைக்குப் போட்ட மாதிரிக் கணக்கு. ஊருக்கு ஊர் மாறும்.

முதலில் எழுதிய அழைப்பு

பெரும்பாலான கடைகளின் அழைப்பு இப்படித்தான் தொடங்குகிறது:

> அன்புடையீர் வணக்கம். தங்கள் நல்லாதரவுடன் எங்களது புதிய நிறுவனம் நாளை காலை இனிதே துவங்க இருக்கிறது. சுத்தமான, சுகாதாரமான, தரமான முறையில் வீட்டுப் பக்குவத்தில் தயாரிக்கப்படும் எங்கள் பொருட்களை வாங்கிப் பயன்பெற, குடும்பத்துடன் வருகை தந்து சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கிறோம். முதல் 100 வாடிக்கையாளர்களுக்குச் சிறப்புப் பரிசு காத்திருக்கிறது!! இப்படிக்கு, நிர்வாகத்தினர்.

இதில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் படித்து முடித்தவருக்கு என்ன கடை, எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு, என்ன விலை, பரிசு என்றால் என்ன என்ற ஐந்தில் ஒன்றுக்கும் விடை கிடையாது. அச்சகத்தில் அடிக்கும் கார்டுக்கு இந்த நடை பொருந்தும். கார்டின் மேலே கடைப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், கீழே முகவரி இருக்கும், நடுவில் உள்ள வாசகம் வெறும் அலங்காரம். வாட்ஸ்அப்பில் அந்த மேலும் கீழும் கிடையாது. போனைத் திறந்ததும் அரட்டைப் பட்டியலில் செய்தியின் முதல் சில சொற்கள்தான் தெரியும். ‘அன்புடையீர் வணக்கம் தங்கள் நல்லா…’ என்று நின்றுவிட்டால், அது கல்யாணமா, காதுகுத்தா, அரசியல் கூட்டமா என்று யாருக்கும் தெரியாது. செய்தி நீண்டு போனால் குழுவுக்குள்ளும் பாதியில் வெட்டி ‘மேலும் படிக்க’ என்று காட்டும். அதை அமுக்கிப் பார்ப்பவர் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்தான்.

இன்னொரு பெரிய பிழை ‘நாளை’ என்ற சொல். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதப்பட்ட அன்றே படிக்கப்படுவதில்லை. ஒருவர் இரண்டு நாள் கழித்து இன்னொரு குழுவுக்குத் தள்ளிவிடுவார். அங்கே ‘நாளை’ என்பது வேறு நாளாகிவிடும். சனிக்கிழமை காலை ஒருவர் வந்து “இன்னைக்குத்தானே திறப்பு, பரிசு உண்டுன்னு போட்டிருந்துச்சே” என்று நின்றால் அவர் மேல் தப்பில்லை. அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தும் வசதி வாட்ஸ்அப்பில் உண்டு. ஆனால் அதற்குள் பார்வர்டு ஆகிவிட்ட பிரதிகள் திருந்தாது. ஆகவே கிழமை, தேதி இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். கிழமை மட்டும் இருந்தால் எந்த வெள்ளி என்ற கேள்வி வரும். தேதி மட்டும் இருந்தால் வீட்டில் காலண்டரைத் தேட வேண்டும்.

செய்தியை நிர்ணயிப்பது மாவு

மாவுக் கடைக்கு அழைப்பு எழுதும்போது, எழுத்துக்கு முன்னால் கிரைண்டரைப் பார்க்க வேண்டும். துணிக்கடையில் எத்தனை பேர் வந்தாலும் அலமாரியில் சரக்கு இருக்கும். மாவு அப்படியில்லை. ஊறப் போட்டால்தான் அரைக்க முடியும், அரைத்தால்தான் புளிக்கும், புளித்தபின் வெளியே வைத்தால் அரை நாளில் முகம் சுளிக்க வைக்கும்.

நூறு கிலோ மாவு என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் 28 கிலோ இட்லி அரிசியும் 7 கிலோ உளுந்தும் போட்டால், தண்ணீரோடு ஏறக்குறைய நூறு கிலோ வரும். உளுந்து நல்ல பொங்கல் காணும் ரகமாக இருந்தால் கொஞ்சம் கூடும், பழைய உளுந்தானால் குறையும். அரிசிக்கு நாலு, ஐந்து மணி நேரம் ஊறல். உளுந்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம். அதன்பின் இரண்டு கிரைண்டரும் ஓயாமல் ஓடினால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் முடியும். பிப்ரவரி இரவில் மாவு பொங்க எட்டு மணி நேரம் போதாமல் பத்து வரைக்கும் போகும். சித்திரை வெயிலில் ஐந்தாறு மணியிலேயே வழியும்.

இதைப் பின்னோக்கி எண்ணினால், வெள்ளி காலை 7 மணிக்குப் புளித்த மாவு கொடுக்க வேண்டுமானால் வியாழன் இரவு ஒன்பதுக்குள் அரைத்து முடித்திருக்க வேண்டும். அதற்கு வியாழன் மதியம் அரிசி தண்ணீரில் விழுந்திருக்க வேண்டும். எனவே எத்தனை பேருக்கு வேண்டும் என்ற எண்ணிக்கை வியாழன் மதியம் 12 மணிக்கே கைக்கு வர வேண்டும். அழைப்பில் ‘முன்பதிவுக்கு 19 வியாழன் மதியம் 12 மணிக்குள்’ என்று எழுதுவது இதனால்தான். அது வெறும் அவசரப்படுத்தல் அல்ல.

மாலை விற்பனை வேறு கதை. மாவு வாங்கும் கூட்டம் இரண்டு வேளையில் வரும். காலை ஏழு மணிக்கு வருகிறவர் அன்றைக்கே தோசை ஊற்றுவார். மாலை ஐந்துக்கு மேல் வருகிறவர்களில் பெரும்பாலோர் மறுநாள் காலை இட்லிக்கு வாங்குகிறார்கள். அவர்களுக்கு அன்று மதியம் அரைத்த புது மாவு கொடுத்தால் இரவெல்லாம் அடுப்படியில் இருந்து காலையில் பதமாக இருக்கும். காலையில் புளித்த மாவையே மாலையில் கொடுத்து, அவர்கள் அதை மீண்டும் இரவு வெளியே வைத்தால், சனிக்கிழமை காலையில் இட்லி தட்டையாகப் புளிப்பேறி வரும். ‘புதுசா திறந்த கடை மாவு புளிச்சுப்போச்சு’ என்ற பேச்சு அதே குழுவில், அழைப்புக்குக் கீழேயே வந்து நிற்கும். கடையின் மாவில் குறையே இல்லாமல் கெட்ட பெயர் வாங்கும் வழி இது. அதனால் காலை மாவும் மாலை மாவும் வேறு வேறு என்பதை அழைப்பிலேயே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

மாலையிலும் “இன்னைக்கு ராத்திரிக்கே தோசை வேணும்” என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்காகக் காலை மாவில் பத்துப் பாக்கெட்டைப் பிரிட்ஜில் ஒதுக்கி வைத்தால் போதும். இதை அழைப்பில் எழுத வேண்டியதில்லை.

தேதி குறிக்கும்போதே பார்க்க வேண்டியது மின்தடை. மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை வழக்கமாகக் காலை ஒன்பதுக்குத் தொடங்கி மதியம் கடந்தும் நீளும். மாலை மாவு அரைபடும் நேரம் சரியாக அதற்குள் விழுகிறது. வியாழனோ வெள்ளியோ அந்தப் பகுதிக்கு மின்தடை உண்டா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் அழைப்பில் ‘மாலை 5’ என்று எழுத வேண்டும்.

நல்ல நேரமும் இதோடு ஒத்துப்போக வேண்டும். வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 முதல் 12 வரை. எமகண்டம் 3 முதல் 4.30 வரை. காலை ஆறு மணிக்குப் பால் காய்ச்சினால் இரண்டிலும் படாது, ஏழு மணிக்கு விற்பனையையும் தொடங்கலாம். மாலை ஐந்தும் எமகண்டம் கழிந்த நேரம். அழைப்பில் இதையெல்லாம் விளக்க வேண்டாம். ஆனால் ‘பத்தரைக்குத் திறப்பு’ என்று எழுதினால் பெரியவர்கள் கண்ணில் அதுதான் முதலில் படும். அதற்குமேல் படிக்க மாட்டார்கள்.

சலுகை எது

மூன்று யோசனைகள் மேசைக்கு வரும். ஐம்பது ரூபாய் மாவை அன்று மட்டும் நாற்பதுக்குக் கொடுப்பது ஒன்று. ஒரு கிலோ வாங்கினால் அரைக் கிலோ இலவசம் என்பது இன்னொன்று. ஒரு கிலோ மாவோடு 50 கிராம் இட்லிப் பொடி இலவசம் என்பது மூன்றாவது.

முதலில் ஒரு கிலோ மாவின் அடக்கத்தைப் பார்க்கலாம். மேலே சொன்ன அளவில் கிலோவுக்கு 280 கிராம் அரிசி, 70 கிராம் உளுந்து. அரிசி கிலோ ₹45, உளுந்து ₹130 என்றால் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 22 ரூபாய். வெந்தயம், உப்பு, கரண்ட், கவர் எல்லாம் ஐந்து ரூபாய். ஆக 27. வாடகையும் உழைப்பும் இதில் சேரவில்லை. ஐம்பதுக்கு விற்றால் கையில் நிற்பது 23.

பத்து ரூபாய் தள்ளுபடி கணக்கில் எளிது. ஆனால் தெருவுக்கு அந்தக் கடையைப் பற்றித் தெரியும் முதல் விலையே நாற்பது என்றாகிவிடும். மறுநாள் ஐம்பது என்றால் “நேத்து நாப்பதுக்குத்தானே குடுத்தீங்க, இன்னைக்கு ஏன் ஏத்திட்டீங்க?” என்று கேட்பார்கள். விலை இறங்கியது நினைவில் நிற்காது, ஏறியதுதான் நிற்கும். ஏற்கெனவே மாவு விற்கும் பக்கத்து மளிகைக்காரரையும் இது வீணாகச் சீண்டும். ஒரே தெருவில் அவரோடு வருடக்கணக்கில் இருந்தாக வேண்டும்.

அரைக் கிலோ இலவசம் என்பது வெளியில் கவர்ச்சியாகத் தெரிகிறது, செலவு பதின்மூன்று, பதினான்கு ரூபாய்தான். ஆனால் நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு கிலோவே இரண்டு வேளைக்கு வரும். கூடுதலாகக் கிடைத்த அரைக் கிலோ பிரிட்ஜின் மூலையில் கிடந்து நாலாம் நாள் புளித்த தோசையாகும். கடையின் பொருள் மோசமான நிலையில் அந்த வீட்டின் தட்டுக்குப் போகிறது. அதோடு, அந்த வீடு அடுத்த முறை மாவு வாங்க வருவது இரண்டு நாள் தள்ளிப்போகிறது.

பொடி இந்த இரண்டு சிக்கலிலும் மாட்டாது. ஒரு கிலோ பொடிக்கு உளுந்து 400 கிராம், கடலைப் பருப்பு 300, காய்ந்த மிளகாய் 150, எள் 100, மீதி உப்பும் பெருங்காயமும். வறுக்கும் கேஸ், அரைவை, இருபது சிறிய கவர் எல்லாம் சேர்த்தால் சுமார் 175 ரூபாய் ஆகும். ஐம்பது கிராம் பாக்கெட் ஒன்று ஒன்பது ரூபாய்க்குள் அடங்கும். பத்து ரூபாய் தள்ளுபடிக்கு ஆகும் செலவேதான், ஆனால் மாவின் விலை ஐம்பதில் அசையாமல் நிற்கிறது. பொடி ஒரு மாதம் தாங்கும். விற்றது போக மீந்தால் மறுநாள் முதல் இருபது ரூபாய்க்கு விற்கலாம். கடையின் இரண்டாவது சரக்கு நூறு வீட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறது.

இலவசமாகக் கொடுத்தாலும் அது உணவுப் பாக்கெட்தான். பொருளின் பெயர், சேர்மானம், எடை, அடைத்த தேதி, எத்தனை நாளைக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, கடையின் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் (14 இலக்கம்) ஆகியவை லேபிளில் இருக்கட்டும். வேர்க்கடலை சேர்த்திருந்தால் அதைத் தெளிவாக எழுத வேண்டும், சிலருக்கு ஒவ்வாது.

அடுத்தது சலுகையின் வாசகம். ‘முதல் 100 பேருக்கு’ என்று எழுதக் கூடாது. வீட்டில் இருந்து படிக்கிறவருக்கு, தான் நூறுக்குள்ளா வெளியிலா என்று தெரிய வழியே இல்லை. காலையில் வீட்டில் இருப்பவர்கள் வாங்கி முடித்துவிட, அலுவலகம் முடிந்து ஏழு மணிக்கு வருகிறவர் ஏமாந்து திரும்புவார். தொடர்ந்து மாவு வாங்கப் போகிறவர் பெரும்பாலும் அவர்தான். ‘ஸ்டாக் உள்ளவரை’ என்பதிலும் இதே சிக்கல். ‘அன்று 1 கிலோ மாவு வாங்கும் ஒவ்வொரு வீட்டுக்கும்’ என்று எழுதிவிட்டு, நூற்றைம்பது வீட்டுக்கு நூற்று இருபது பொடிப் பாக்கெட் கட்டி வைத்தால் போதும். தீர்ந்தே போனால், வந்தவர் பெயரை எழுதி ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்து மறுநாள் பொடியை வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். பொடி காத்திருக்கும், மாவு காத்திருக்காது.

‘இலவசம்’ என்ற சொல்லும் ‘1 கிலோ மாவு வாங்கினால்’ என்ற நிபந்தனையும் ஒரே வரியில் இருக்க வேண்டும். நிபந்தனையை நாலு வரி கீழே தள்ளினால், படிக்கிறவர் மேல் வரியோடு நின்றுவிடுவார், பார்வர்டு செய்கிறவர் அந்த வரியை மட்டும் வெட்டிப் போடுவார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான எண்ணத்தைத் தரும் விளம்பரங்களைப் பற்றிச் சொல்வது பெரிய நிறுவனத்துக்கு மட்டுமல்ல, தெருமுனைக் கடைக்கும்தான்.

அரைக் கிலோ கேட்டால் என்ன செய்வது? இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ வீண். அரைக் கிலோ 25 ரூபாய்க்கு விற்றால் அடக்கம் போக 11 ரூபாய் நிற்கும். பொடியும் கொடுத்தால் இரண்டு ரூபாய். நட்டமில்லை. ஆகவே கேட்டால் கொடுத்துவிடலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். அழைப்பில் எழுதினால் எல்லோரும் அரைக் கிலோவுக்கு இறங்குவார்கள், எனவே கல்லாவில் மட்டும். கல்லாவில் கணவன் ஒன்றும் மனைவி ஒன்றும் சொல்லாமல் இருக்கவே இந்த முடிவு.

எழுதி முடித்த அழைப்பு

> வணக்கம். \*நம்ம தெரு முனையில் இட்லி மாவுக் கடை, பிப்ரவரி 20 வெள்ளி திறப்பு\*
>
> பிள்ளையார் கோயிலுக்கு எதிரே, முன்பு டெய்லர் கடை இருந்த இடம்.
>
> காலை 6 மணிக்குப் பால் காய்ச்சுகிறோம். வந்து ஒரு வாய் காபி சாப்பிட்டுப் போங்க.
>
> விற்பனை: காலை 7 – 10, மாலை 5 – 8.30
> இட்லி மாவு 1 கிலோ ₹50
>
> \*அன்று 1 கிலோ மாவு வாங்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் 50 கிராம் இட்லிப் பொடி இலவசம்\* (வீட்டுக்கு ஒன்று)
>
> காலையில் கிடைப்பது புளித்த மாவு, உடனே ஊற்றலாம். மாலையில் கிடைப்பது அன்று அரைத்தது, இரவு வெளியே வைத்தால் மறுநாள் காலை இட்லிக்குச் சரியாக இருக்கும்.
>
> எடுத்து வைக்க வேண்டுமானால் 19 வியாழன் மதியம் 12 மணிக்குள் ‘காலை’ அல்லது ‘மாலை’, எத்தனை கிலோ என்று அனுப்புங்க, பணம் கட்ட வேண்டாம்: wa.me/91XXXXXXXXXX
>
> பை அல்லது பாத்திரம் கொண்டு வாங்க.
>
> (பெயர்), 3வது தெரு, பச்சை கேட் வீடு

முதல் வரியில் இடம், பொருள், நாள் மூன்றும் வந்துவிட்டன. ‘வணக்கம்’ ஒரே சொல்லாக நிற்கிறது. மரியாதையும் போகவில்லை, பட்டியலில் தெரியும் இடமும் வீணாகவில்லை. சுத்தம், சுகாதாரம், தரம் என்ற மூன்று சொற்களும் வெளியே போய்விட்டன. எல்லா மாவுக் கடையும் அதையே சொல்வதால் யார் காதிலும் விழுவதில்லை. அந்த இடத்தில் வந்திருக்கும் ‘காலை மாவு, மாலை மாவு’ வரி, மாவு தெரிந்தவர்கள் கடை இது என்பதைத் தானாகவே சொல்லிவிடும்.

கையெழுத்து முக்கியம். ‘நிர்வாகத்தினர்’ என்றால் யாரோ வெளியாள். ‘பச்சை கேட் வீடு’ என்றால் தெருவே அடையாளம் கண்டுகொள்ளும். இடத்துக்கும் அப்படியே: அக்கம்பக்கத்தாருக்குக் கூகுள் மேப் இணைப்பைவிடக் கோயிலும் டெய்லர் கடையும்தான் சட்டென்று புரியும். மேப் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் நிலையான இருப்பிடத்தை அனுப்ப வேண்டும். நேரலை இருப்பிடத்தை அமுக்கிவிட்டால் அதிகபட்சம் 8 மணி நேரத்தில் அது அணைந்துவிடும். அதுவரை அனுப்பியவர் போகும் இடமெல்லாம் புள்ளி நகர்ந்துகொண்டிருக்கும்.

கிலோ என்று எழுதியிருப்பதும் யோசித்துத்தான். புளித்த மாவில் காற்று ஏறியிருப்பதால் லிட்டர் படியில் அளந்தால் மாவு குறையும். பாத்திரம் கொண்டு வருகிறவருக்கு முன்னால், காலிப் பாத்திரத்தை முதலில் எடை மெஷினில் வைத்துக் கழித்துவிட்டு ஊற்ற வேண்டும். பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருப்பதால் ‘பை கொண்டு வாங்க’ வரியை விட முடியாது; விட்டால் கையில் பாக்கெட்டைப் பிடித்தபடி ஸ்கூட்டரில் போகிறவர் பாடு சிரமம்.

தடித்த எழுத்துக்கு நட்சத்திரக் குறி சொல்லை ஒட்டி இருக்க வேண்டும். நடுவில் இடம் விட்டால் குறி அப்படியே தெரியும், எழுத்து தடிக்காது. இரண்டு வரிக்குமேல் தடிக்கவும் கூடாது. எல்லாம் தடித்தால் எதுவும் தனித்துத் தெரியாது.

முன்பதிவு இணைப்பில் நாட்டுக் குறியீடு 91, அதையடுத்துப் பத்து இலக்கம். கூட்டல் குறியோ பூஜ்யமோ இடைவெளியோ கூடாது. அமுக்கியதும் செய்திப் பெட்டியில் ஒரு சொல் தயாராக இருக்க வேண்டும் என்றால் இப்படி:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=1kg
```

அந்த இடத்தில் தமிழ்ச் சொல்லைப் போட்டால் இணைப்பு சதவீதக் குறிகளாக நீண்டு அழைப்பையே மறைத்துவிடும். ஆகவே சிறிய எழுத்தாக வைத்துக்கொள்ளலாம், அல்லது மேலே உள்ளபடி வெறும் எண்ணோடு விட்டுவிடலாம். இந்த இணைப்பால் கிடைக்கும் பெரிய நன்மை, பதில்கள் குழுவுக்குள் விழாமல் தனியாக வருவது. ‘எனக்கு ஒண்ணு’, ‘எனக்கும்’ என்று குழுவில் நாற்பது பதில் விழுந்தால், அழைப்பு மேலே ஏறி மறைந்துவிடும், மற்றவர்களுக்கும் எரிச்சல்.

அழகான படமாகச் செய்து அனுப்பலாமே என்று தோன்றும். படத்தில் உள்ள எழுத்தைத் தேட முடியாது, எண்ணைத் தொட்டுப் பேச முடியாது, கண்ணாடி போட்டவர்கள் விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். படம் வேண்டுமென்றால் போர்டு மாட்டிய கடை முகப்பின் படம் ஒன்றை எடுத்து, மேலே உள்ள எழுத்தை அதன் கீழே வைக்கலாம். ‘ஓ, இந்த இடமா’ என்று உடனே புரியும்.

யாருக்கு, எப்படி

கடைக்கு இரண்டு பக்கமும் எதிரேயும் உள்ள பத்து, பன்னிரண்டு வீடுகளுக்குச் செய்தி மட்டும் அனுப்பக் கூடாது. நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கிரைண்டர் சத்தமும் வண்டி நிறுத்தமும் அவர்கள் வாசலில்தான் விழப் போகிறது. “அக்கா, வெள்ளிக்கிழமை காலையில பால் காய்ச்சுறோம், நீங்க கண்டிப்பா வரணும்” என்று வாசலில் நின்று சொல்வதற்கு ஐந்து நிமிடம் ஆகும். வாட்ஸ்அப்பில் மட்டும் தெரிந்துகொண்ட அடுத்த வீட்டுக்காரர் ‘நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லலையே’ என்று மனத்தில் வைத்துக்கொள்வார்.

மற்றவர்களுக்குக் குழு. இந்தப் பகுதியில் குடியிருப்போர் நலச் சங்கக் குழு ஒன்று, அடுக்குமாடிக் குடியிருப்பின் குழு ஒன்று, கோயில் கமிட்டிக் குழு ஒன்று இருக்கும் என்று கொள்வோம். எதிலும் கேட்காமல் போடக் கூடாது. பல குழுக்களில் விளம்பரத்துக்குத் தடை உண்டு. சிலவற்றில் அட்மின் மட்டுமே எழுத முடியும். அட்மினுக்கு முதலில் தனியாக:

> அண்ணே வணக்கம். நம்ம 3வது தெருவுல மாவுக் கடை வைக்கிறோம். கீழ இருக்கிற அழைப்பை நம்ம குழுவுல ஒரு தடவையும், வெள்ளிக்குள்ள சின்ன நினைவூட்டல் ரெண்டு தடவையும் போட்டுக்கலாமா? நீங்களே போட்டாலும் சரி. அதுக்கு மேல போட மாட்டோம்.

அட்மினே அல்லது குழுவில் பலருக்குத் தெரிந்த ஒருவரே போட்டால் நல்லது. ஆனால் பார்வர்டு செய்யாமல், எழுத்தை நகலெடுத்து ஒட்டச் சொல்ல வேண்டும். பார்வர்டு செய்தால் மேலே ‘பார்வர்டு’ என்ற அடையாளம் விழும்; எங்கிருந்தோ வந்த செய்தி என்று பலர் தாண்டிப் போவார்கள்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் கடையின் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்தச் செய்தி போகும். புதிதாக வாங்கிய கடை சிம் எண்ணை யாரும் சேமித்திருக்க மாட்டார்கள். அனுப்பியவர் பக்கத்தில் போய்விட்டது போலத் தெரியும், எதிர்ப் பக்கத்தில் ஒன்றும் வந்திருக்காது. செய்திக்கு இரண்டாவது டிக் விழவே இல்லை என்பதுதான் இதைக் கண்டுபிடிக்கும் வழி.

சங்கப் பதிவேட்டில் இருந்து எண்களை எடுத்துத் தனித்தனியாக அனுப்புவதும், ஒரு புதுக் குழு தொடங்கி எல்லோரையும் கேட்காமல் இழுத்துப் போடுவதும் வேண்டவே வேண்டாம். அந்த எண்கள் சங்க வேலைக்காகக் கொடுக்கப்பட்டவை. பத்துப் பேர் புகார் அமுக்கினால் புது எண்ணையே வாட்ஸ்அப் முடக்கிவிடலாம், திறப்பு நாளுக்கு முந்தைய நாள் அது நடந்தால் முன்பதிவுப் பட்டியலும் அதோடு மாட்டிக்கொள்ளும். அதனால்தான் வரும் பதில்களை அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது: பெயர், வீடு, காலையா மாலையா, எத்தனை கிலோ.

மூன்று முறைக்கு மேல் குழுவில் எழுதக் கூடாது. முழு அழைப்பு 16ஆம் தேதி திங்கள் மாலை ஏழரை, எட்டு மணிக்கு. அப்போதுதான் வேலைக்குப் போனவர்கள் போனைப் பார்ப்பார்கள். 18 புதன் இரவு இரண்டே வரி: ‘வெள்ளி மாவுக்கு எடுத்து வைக்க வேண்டியவர்கள் 19 வியாழன் மதியம் 12க்குள் சொல்லுங்க’ என்பதும் இணைப்பும். வியாழன் இரவு நினைவூட்டினால் பயனில்லை, அரிசி அதற்குள் அரைபட்டுக்கொண்டிருக்கும். வெள்ளி மாலை 4.45க்கு ‘மாலை மாவு தயார், 8.30 வரை’ என்ற ஒரு வரியும் கடைப் படமும்.

வெள்ளிக்கிழமை

வியாழன் மதியம் நோட்டில் காலைக்கு 24 கிலோ, மாலைக்கு 38 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சொல்லாமல் வருகிறவர்கள் எப்போதும் உண்டு, சொல்லிவிட்டு வராதவர்களும் உண்டு. காலைக்கு 40, மாலைக்கு 60 என்று அரைப்பது நியாயமான துணிவு. மிஞ்சும் மாவைப் பிரிட்ஜில் வைத்து சனிக்கிழமை விற்கலாம். ஞாயிறு காலை இட்லிக்காகச் சனி மாலை எப்படியும் கூட்டம் அதிகம். குறைவாக அரைத்துவிட்டால், கூப்பிட்டு வந்தவரைத் திறப்பு நாளிலேயே வெறுங்கையோடு அனுப்ப நேரும்.

எடுத்து வைத்த மாலைப் பாக்கெட்டுகளில் பெயர் எழுதிய டேப் ஒட்டி ஒரு பக்கமாக அடுக்க வேண்டும். எட்டு மணிக்கு நோட்டைப் பார்த்து, வராதவர்களுக்கு மட்டும் ‘உங்க மாவு இருக்கு, எட்டரை வரைக்கும் கடை திறந்திருக்கும்’ என்று தனியாகச் செய்தி போட்டால், பலர் அதைப் பார்த்தே வருவார்கள். வராவிட்டால் குறை சொல்லக் கூடாது, முன்பணம் வாங்கவில்லையே.

பொடி மட்டும் வாங்க ஒருவர் வருவார். எங்கோ வெட்டிப் போட்ட பார்வர்டில் ‘இட்லிப் பொடி இலவசம்’ என்ற சொற்கள் மட்டும் அவரிடம் வந்திருக்கும். அவரிடம் சட்டம் பேசுவதைவிட “மாவு வாங்குறவங்களுக்குத்தான் சார் பொடி, அரைக் கிலோவும் இருக்கு, இருபத்தஞ்சு ரூபா” என்றால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார். அப்படி இரண்டு, மூன்று பேர் வந்தால் செய்தி எங்கோ வெட்டுப்பட்டுச் சுற்றுகிறது என்று பொருள். எந்தக் குழுவில் பார்த்தார்கள் என்று கேட்டு, அங்கே முழு அழைப்பை ஒருமுறை போடச் சொல்ல வேண்டும்.

பாக்கெட்டைக் கையில் கொடுக்கும்போது சொல்ல வேண்டியது இரண்டே. காலையில்: “இது புளிச்ச மாவு, உடனே ஊத்தலைன்னா பிரிட்ஜ்ல வச்சிருங்க.” மாலையில்: “இது இன்னைக்கு அரைச்சது, ராத்திரி வெளிய வைங்க, பாத்திரத்துல பாதிதான் ஊத்தணும், பொங்கி வரும்.” அழைப்பில் எழுதியிருந்தாலும் வாங்கும் நேரத்தில் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும், படித்தவர் ஒருவர், வாங்க வந்தவர் இன்னொருவராக இருப்பார்.

அதோடு “கடை நம்பரை மாவுக் கடைன்னு போன்ல போட்டு வச்சுக்கோங்க, மாவு இருக்கான்னு கேட்டுட்டு வரலாம்” என்று ஒரு வார்த்தை. எண்ணைச் சேமித்தவர்களுக்கு, அவர்கள் சம்மதம் கேட்டுக்கொண்டபின், பிராட்காஸ்ட் பட்டியல் அப்போதுதான் வேலை செய்யும். நோட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே ஒரு டிக் போதும். ‘சனி மாலை மாவு’ போன்ற பயனுள்ள செய்திக்கு மட்டும் அந்தப் பட்டியல். குழுக்களில் இனி எழுத வேண்டாம் என்று அட்மினிடம் கொடுத்த வாக்கையும் காப்பாற்றியதாகும்.

சனிக்கிழமை காலை யாராவது பொடி கேட்டால், துண்டுச் சீட்டு வைத்திருப்பவருக்கு இலவசம், மற்றவர்களுக்கு இருபது ரூபாய். மாவு ஐம்பதேதான்.